ஐஜிஎம் ஏறி ரத்தம் பாகாகும்போது ஏன் முதலில் பிளாஸ்மாவை மாற்றுகிறார்கள்

"அப்பாவுக்கு 64 வயது, வால்டென்ஸ்ட்ராம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐஜிஎம் 6,800. மூக்கில் ரத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது, கண்ணும் மங்கல். ஹீமோகுளோபின் 7.6தான், ஆனாலும் ரத்தம் ஏற்றவில்லை, கேன்சர் மருந்தும் தொடங்கவில்லை, முதலில் பிளாஸ்மாவை மாற்ற வேண்டும் என்கிறார்கள். ரத்தம் கெட்டியானால் உறையத்தானே வேண்டும், ஏன் கசிகிறது? பிளாஸ்மாவை மாற்றினால் என்ன ஆகும்?"

உங்கள் மருத்துவர்கள் சொல்லும் வரிசை சரியானது. நான் ரத்த மாற்றுத் துறையில் இருக்கிறேன், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பரிமாற்றம் செய்யும் அறையில் பல வருடங்களாக வேலை. இந்த நோயோடு வருபவர்களின் வீட்டார் பெரும்பாலும் இதே சந்தேகத்தைத்தான் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

வால்டென்ஸ்ட்ராம் என்பது எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்துகொண்டு மெதுவாக வளரும் ஒரு லிம்போமா, அதாவது வெள்ளணுப் புற்றுநோய். அந்தப் புற்றணுக்கள் எல்லாம் ஒரே அணுவின் வாரிசுகள் என்பதால் அவை சுரப்பதும் ஒரே அச்சில் வார்த்த ஐஜிஎம் என்ற நோய் எதிர்ப்புப் புரதம். நம் எல்லோர் ரத்தத்திலும் ஐஜிஎம் உண்டு, டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 40 முதல் 230 மில்லிகிராம் வரை. பிரச்சினை அதன் உருவத்தில் இருக்கிறது. இன்னொரு நோய் எதிர்ப்புப் புரதமான ஐஜிஜி ஒற்றை ஒய் வடிவ மூலக்கூறு. ஐஜிஎம்மில் அதுபோல ஐந்து சேர்ந்து ஒரு வளையமாகப் பூட்டிக்கொண்டிருக்கும். எடையில் ஐஜிஜியைப் போல ஆறு மடங்கு. அவ்வளவு பெரிய, கைகால் விரித்த மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்ந்தால் ஒன்றோடொன்று உரசும், தண்ணீரையும் தங்களோடு பிடித்து வைத்துக்கொள்ளும். சிவப்பணுக்களையும் சும்மா விடாது, காசுகளை அடுக்கி வைத்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். ஐஜிஎம் ஏறுவதும் பாகுத்தன்மை ஏறுவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ரொம்ப நேரம் தண்ணீராகவே கொதித்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் அசந்தால் பதம் தாண்டிவிடும். கடைசிச் சில நிமிடங்களில் ஆவியாகும் தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் பாகு மாறுவது அப்போதுதான். ஐஜிஎம்மும் அப்படி. தண்ணீரின் பாகுத்தன்மையை 1 என்று வைத்தால், ஆரோக்கியமான ஒருவரின் சீரம், அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர், 1.4லிருந்து 1.8 வரை இருக்கும். ஐஜிஎம் 2,000 வரை ஏறினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. 3,000க்குக் கீழே அறிகுறி வருவது அபூர்வம். 4,000 தாண்டியதும் கோடு செங்குத்தாக ஏறத் தொடங்கும், 6,000 தாண்டியவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் விரைவில் வரும் என்று எதிர்பார்த்தே நடந்துகொள்வோம். சீரத்தின் பாகுத்தன்மை 4ஐத் தாண்டும்போதுதான் பெரும்பாலானோருக்குத் தொந்தரவு ஆரம்பிக்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் இந்த எல்லை வேறு. ஒருவருக்கு எந்த அளவில் முதல் தடவை அறிகுறி வந்ததோ, அடுத்த தடவையும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் வரும். அதனால் உங்கள் அப்பாவுக்கு மூக்கில் ரத்தம் வந்த அன்று ஐஜிஎம் எவ்வளவு இருந்தது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது ரொம்ப உதவும்.

இதே வளைவைத் திருப்பிப் பார்த்தால் உங்கள் கேள்விக்கான பதில் பாதி அங்கேயே இருக்கிறது. பதம் தாண்டிய பாகில் ஒரு கரண்டி வெந்நீர் விட்டால் சட்டென்று இளகுமே, அதுபோல உச்சியில் இருக்கும் ஐஜிஎம்மில் ஒரு பங்கை எடுத்தாலே பாகுத்தன்மை அதைவிட வேகமாக இறங்கும். இதற்குக் கீழே மறுபடியும் வருகிறேன்.

இந்தப் பாகான ரத்தம் முதலில் மாட்டிக்கொள்வது சின்னச் சிரைகளில். தமனியில் இதயம் தள்ளும் வேகம் இருக்கிறது, சிரையில் ஓட்டம் மெதுவு. ஓட்டம் மெதுவாக ஆக ஒட்டிய சிவப்பணு அடுக்குகள் பிரிவதற்கு வழியில்லாமல் போகும், ரத்தம் இன்னும் தடிக்கும், ஓட்டம் இன்னும் மெதுவாகும். பின்னால் அழுத்தம் கூடி, சிரை புடைத்து, சுவர் கசியும். உடம்பில் இதை நேரில் நன்றாகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. கண் பாப்பாவை விரியவைத்துப் பார்த்தால் சிரைகள் கயிறு கட்டிய நீளப் பலூன் போல, இடையிடையே இறுகியும் நடுவில் உப்பியும் தெரியும், பக்கத்தில் தீக்கொழுந்து போன்ற சிவப்புக் கசிவுகள் இருக்கும். கண்ணாடி மாற்றினாலும் மங்கல் போகாததற்கு இதுதான் காரணம். தலைவலி, தலைசுற்றல், காதில் இரைச்சல் அல்லது கேட்காமல் போவது, நடையில் தள்ளாட்டம், ஒரு மாதிரி மந்தமாக இருப்பது எல்லாம் மூளையிலும் உள்காதிலும் நடக்கும் அதே கதை. முற்றினால் குழப்பம், மயக்கம், கோமா வரை போகும்.

சரி, ரத்தம் ஏன் உறையாமல் கசிகிறது? கெட்டி என்பதும் உறைவது என்பதும் இரண்டு தனி விஷயங்கள். உறைவதற்குத் தட்டணுக்கள் ஓடி வந்து சுவரில் ஒட்ட வேண்டும், ஃபைப்ரின் இழைகள் வலை பின்ன வேண்டும். இந்த ஐஜிஎம் தட்டணுக்களின் மேல் பூசினாற்போலப் படிந்து அவற்றை ஒட்டவிடாமல் செய்கிறது, ஃபைப்ரின் இழைகள் சேர்வதையும் தடுக்கிறது. சிலருக்கு வான் வில்லிபிராண்ட் காரணி என்ற உறைதல் புரதமும் இதனால் குறைந்துபோகும். இன்னொரு பக்கம், மூக்கிலும் ஈறிலும் உள்ள மெல்லிய சிரைகள் ஏற்கனவே புடைத்து நிற்கின்றன. அதனால்தான் தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தும் கசிகிறது. ஸ்வீடனில் யான் வால்டென்ஸ்ட்ராம் 1944இல் இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோது அவரிடம் வந்திருந்த இரண்டு பேருக்கும் மூக்கிலும் வாயிலும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. "ரத்தம் கெட்டி" என்று கேட்டதும் வீட்டிலேயே ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள், ரத்தம் இளகும் என்று நினைத்து. ஆஸ்பிரின் தட்டணுவைத்தான் முடக்கும், ஐஜிஎம்மை ஒன்றும் செய்யாது. கசிவு இன்னும் மோசமாகும். அப்பா ஏற்கனவே இதயத்துக்காக அதைச் சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள், நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

ஹீமோகுளோபின் விஷயம் இதைவிட நுட்பமானது. மஜ்ஜையைப் புற்றணு அடைத்திருப்பதால் சோகை நிஜமாகவே இருக்கும், ஆனால் 7.6 என்ற எண் நிஜத்தைவிடக் கொஞ்சம் மோசமாகக் காட்டும். இவ்வளவு புரதம் ரத்தத்தில் இருந்தால் அது தண்ணீரைக் குழாய்க்குள் இழுக்கும், பிளாஸ்மாவின் அளவு கூடும், இருக்கிற சிவப்பணுக்கள் அதில் நீர்த்துப்போகும். அப்புறம், இந்த நிலையில் குறைந்த ஹீமோகுளோபின் ஒரு வகையில் பாதுகாப்பு. முழு ரத்தத்தின் பாகுத்தன்மை சிவப்பணுவையும் பொறுத்தது. ஏற்கனவே பாகாக இருக்கும் பிளாஸ்மாவில் இரண்டு பாட்டில் சிவப்பணுவைக் கொட்டினால், மங்கலாக இருந்த கண் அன்றிரவே பார்வையிழந்துவிடலாம், லேசான மந்தம் மயக்கமாகலாம், பெருத்த பிளாஸ்மாவைச் சுமக்கும் இதயமும் திணறிப்போகலாம். நெஞ்சுவலி போன்ற அவசரம் இல்லாதவரை பிளாஸ்மாவை மாற்றி முடித்த பிறகுதான் ரத்தம் ஏற்ற வேண்டும். உங்களுக்குச் சொல்லியிருப்பது இதைத்தான்.

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 62 வயது, 58 கிலோ. மூன்று மாதமாக மூக்கில் ரத்தம், இரண்டு தடவை பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள், ரத்த அழுத்தம் சரி, தட்டணு 1.8 லட்சம். காரணம் புரியாமலே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்துவிட்டு, "இது கண் நோய் இல்லை, உடனே ரத்த நோய் மருத்துவரைப் பாருங்கள்" என்று அனுப்பியிருக்கிறார். சிவப்பணு படியும் வேகத்தைக் காட்டும் இ.எஸ்.ஆர் 140. ஐஜிஎம் 7,400. சீரம் பாகுத்தன்மை 6க்கு மேல். ஹீமோகுளோபின் 7.8, ஹீமட்டோகிரிட் 23.

கணக்கு இப்படிப் போகும். கிலோவுக்கு 70 மில்லி என்று வைத்தால் அவருக்கு ரத்தம் 4 லிட்டருக்குச் சற்று மேல். அதில் சிவப்பணு 23 சதவீதம் போக, பிளாஸ்மா சுமார் 3.1 லிட்டர். லிட்டருக்கு 74 கிராம் ஐஜிஎம் என்றால் மொத்தம் சுமார் 230 கிராம். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு! நமக்கெல்லாம் அந்த இடத்தில் இருப்பது சில கிராம்தான். அந்தக் கால் கிலோ புரதத்தில் பெரும்பங்கை ஒரே மதியத்தில் வெளியே எடுப்பதுதான் வேலை.

கையிலோ கழுத்திலோ குழாய் போட்டு ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொண்டுவருவோம். இயந்திரம் அதைச் சுழற்றும், கனமான அணுக்கள் ஒதுங்கும், மேலே நிற்கும் பிளாஸ்மா பைக்குப் போகும், அணுக்கள் திரும்ப அவருக்கே. எடுத்த பிளாஸ்மாவுக்கு ஈடாக 5 சதவீத அல்புமின் திரவத்தைக் கொடுத்துக்கொண்டே வருவோம். இவருக்கு முதல் 700 மில்லிக்கு சலைன், மீதிக்கு அல்புமின். 20 சதவீத பாட்டில்களைச் சலைனில் கலந்து தயாரித்தோம், ஆறு பாட்டில் ஆனது. (வெறும் தண்ணீரில் ஒருபோதும் கலக்கக்கூடாது, சிவப்பணுக்கள் வெடித்துவிடும்.) இரண்டரை மணி நேரம் பிடித்தது. பையில் சேர்ந்த பிளாஸ்மா வழக்கமானது போல ஓடவில்லை, சாய்த்தால் மெதுவாக நகர்ந்தது.

பிளாஸ்மா முழுவதற்கும் சமமான அளவை மாற்றினால் எல்லா ஐஜிஎம்மும் போய்விடும் என்று நினைப்பீர்கள், அப்படி ஆகாது. சாயம் கலந்த வாளியிலிருந்து ஒரு குவளை எடுத்து ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தால், கொஞ்ச நேரத்தில் ஊற்றிய நல்ல தண்ணீரையும் சேர்த்துத்தானே எடுப்பீர்கள். ஒரு வாளி அளவு மாற்றியதும் 37 சதவீதச் சாயம் மிஞ்சும், ஒன்றரை வாளி மாற்றினால் 22 சதவீதம். அதற்கு மேல் போனால் உழைப்பும் அல்புமினும்தான் செலவு. அதனால்தான் ஒன்றிலிருந்து ஒன்றரை அளவோடு நிறுத்துகிறோம். இவருக்கு ஒரு அளவு மாற்றினோம், கணக்குப்படி ஐஜிஎம் 2,700 வந்திருக்க வேண்டும், வந்தது 3,100. அவருடைய உண்மையான பிளாஸ்மா அளவு நம் கணக்கைவிட அதிகம் என்பதுதான் காரணம், மேலே சொன்ன அதே நீர் இழுப்பு.

ஐஜிஎம் 58 சதவீதம் குறைந்தது. பாகுத்தன்மையோ 6க்கு மேலிருந்து 2.4க்கு இறங்கியிருந்தது, அதாவது சாதாரணமானவருக்கு மேல் நிற்கும் மிச்சத்தில் முக்கால்வாசிக்கு மேல் கரைந்துவிட்டது. அன்றிரவே மூக்கில் ரத்தம் நின்றது. மறுநாள் காலை தலைவலி இல்லை, காதில் இரைச்சல் இல்லை, நாளிதழின் தலைப்பை வாசித்துக் காட்டினார். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை செய்தோம், அதன் பிறகே இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். விழித்திரைக் கசிவு ஆறுவதற்கு மட்டும் வாரக்கணக்கானது, அது அப்படித்தான்.

இது இவ்வளவு சுலபமாக வேலை செய்வதற்கு ஐஜிஎம்மின் அதே பருத்த உருவம்தான் கைகொடுக்கிறது. குழாய்ச் சுவரைத் தாண்ட முடியாததால் அதில் 75 முதல் 80 சதவீதம் வரை ரத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. ஐஜிஜியில் பாதிக்கு மேல் திசுக்களில் ஒளிந்திருக்கும், ரத்தத்திலிருந்து எடுத்தாலும் ஓரிரு நாளில் உள்ளேயிருந்து மறுபடி நிரப்பிவிடும், அதனால் அதற்குப் பல தடவை பரிமாற்றம் தேவைப்படும். ஐஜிஎம்முக்கு ஒளிய இடமில்லை. 1960இலேயே, இன்றைய இயந்திரங்கள் இல்லாத காலத்தில், ரத்தத்தைப் பையில் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சிவப்பணுவைத் திரும்ப ஏற்றி இந்த நோய்க்குப் பலன் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் புற்றணுக்கள் மஜ்ஜையில் அப்படியே இருக்கின்றன. பரிமாற்றம் தரையைத் துடைக்கும், குழாயை அடைக்காது. மருந்து தொடங்காவிட்டால் நாலைந்து வாரத்தில் ஐஜிஎம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அப்படியானால் முதலிலேயே மருந்து கொடுக்கலாமே என்றால், மருந்து வேலை செய்ய வாரக்கணக்காகும், கண்ணும் மூளையும் அவ்வளவு நாள் காத்திருக்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த நோய்க்குப் பரவலாகக் கொடுக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டதும் பலருக்கு, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, ஐஜிஎம் தற்காலிகமாக ஏறும். நோய் மோசமாகிறது என்று அர்த்தமில்லை, ஆனால் 6,800இல் இருப்பவருக்கு அந்த ஏற்றமே போதும் பார்வையைக் காவு வாங்க. அதனால் ஐஜிஎம் 4,000க்கு மேல் இருந்தால், முதலில் பரிமாற்றம் செய்து இறக்குவார்கள், அல்லது முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு ரிட்டுக்ஸிமாபை விட்டுவிட்டு பெண்டாமஸ்டின், போர்ட்டிசோமிப் போன்றவற்றை மட்டும் தொடங்குவார்கள். இப்ரூட்டினிப், ஸானுப்ரூட்டினிப் மாத்திரைகளில் இந்த ஏற்றம் வருவதில்லை, ஆனால் அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் ஐஜிஎம் வேகமாக எகிறும், கசிவுக்கான போக்கும் அவற்றில் உண்டு. எதை எடுப்பது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், "ரிட்டுக்ஸிமாப் எப்போது சேர்ப்பீர்கள்?" என்று நீங்கள் கேட்பது தவறே இல்லை. ஊசி போட்ட கையோடு பரிமாற்றம் செய்தால் மருந்தும் பைக்குள் போய்விடும், அந்த நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரிமாற்றத்தின்போது என்ன நடக்கலாம்? ரத்தம் இயந்திரத்தில் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் உதடும் விரல் நுனியும் மரத்து ஊசி குத்துவதுபோல இருக்கும். அப்பா அதை உடனே சொல்ல வேண்டும், கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும், பொறுத்துக்கொண்டிருந்தால்தான் தொல்லை. ரத்த அழுத்தம் இறங்கலாம். ராமிப்ரில், எனாலப்ரில் என்று "ப்ரில்" என முடியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே தெரிவியுங்கள், அல்புமினோடு சேர்ந்து கடுமையான அழுத்த இறக்கத்தைக் கொண்டுவரும், பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வோம். குளிரில் விரல் நீலமாகும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சிலருடைய ஐஜிஎம் குளிரில் உறைந்து படியும் வகை, அப்போது திரும்பப் போகும் ரத்தத்தைச் சூடாக்கிக் கொடுப்போம்.

பாகுத்தன்மைப் பரிசோதனை பல ஊர்களில் செய்வதில்லை, வெளியே அனுப்பினால் முடிவு வர நாட்களாகும். அதற்காகப் பரிமாற்றத்தை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. மூக்கில் ரத்தமும், மங்கலான கண்ணும், விழித்திரையில் புடைத்த சிரையும், இந்த ஐஜிஎம்மும் சேர்ந்தால் அதுவே போதும். கண் பரிசோதனை இன்னும் ஆகவில்லை என்றால் இன்றே செய்யச் சொல்லுங்கள். பிறகு ஐஜிஎம்மை ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் தொடர்ந்து பாருங்கள், இடம் மாறினால் எண் மாறும், அதைப் பார்த்து வீணாகப் பயந்துபோவீர்கள்.

பரிமாற்றம் நடக்கும்வரை அப்பாவிடம் அடிக்கடி பேச்சுக் கொடுங்கள். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, எழுப்பினால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாலோ, ஒரு கண்ணில் திடீரென்று இருட்டினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, நாளைக்குக் குறித்த நேரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் பணியில் இருப்பவரை எழுப்புங்கள். இந்த இயந்திரத்தை இரவிலும் ஓட்டலாம்.